மஞ்சள் சட்டைக்காரன் சொன்ன பொய்

பொம்மைக்காரர் என்றால்தான் அந்த ஸ்டூடியோவில் தெரியும். பழைய ஈரடிப் பாட்டுகளைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு நிமிடக் கார்ட்டூனாக்குவது அவர் வேலை. எல்லாப் பாடத்துக்கும் ஒரே அச்சு: முதலில் பாட்டு, நடுவில் கதை, கடைசியில் பொருள். கதையில் மஞ்சள் சட்டை நல்லவன். சிவப்புச் சட்டை தப்புப் பண்ணுகிறவன், பண்ணினதும் 'டொய்ங்' சத்தம். இந்த அச்சு மாறினால் தொடர் வேறு ஆளுக்குப் போகும் என்று முதலாளியம்மா கறாராகச் சொல்லியிருந்தார்.

இன்றைய பாட்டு அவரைக் குழப்பியது. யாருக்கும் கெடுதல் இல்லாமல் நல்லது நடக்குமென்றால் பொய்யும் உண்மைக்குச் சமம் என்கிறது அது. போன வாரம்தான் பொய் சொன்ன சிவப்புக்கு 'டொய்ங்' வைத்திருந்தார்.

"இப்ப பொய் சொல்றவனுக்கு எந்தச் சட்டைம்மா?"

குரல் கொடுக்க வந்த அம்மா ஹெட்போனைக் கழற்றினார். "எனக்கென்ன தெரியும்? நீங்க கலரைச் சொல்லுங்க, நான் குரலை மாத்துறேன்."

படத்தில், கம்போடு ஒருவன் நாய்க்குட்டியை அடிக்கத் தேடி வருகிறான். குட்டி டிரம்முக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. சிவப்பு உண்மையாக டிரம்மைக் காட்டக் கையைத் தூக்குகிறான், 'டொய்ங்'. மஞ்சள் முந்திக்கொண்டு, "அந்தப் பக்கம் ஓடிருச்சு" என்கிறான். இப்படித்தான் செய்து முடித்தார்.

மறுநாள் அவரையும் கூப்பிட்டு, ஒரு பள்ளியின் ஆறாம் வகுப்பில் போட்டுக் காட்டினார்கள். சிவப்பு வாயைத் திறக்கும் முன்பே, "தப்பு! தப்பு!" என்று வகுப்பே கத்தியது.

"எல்லாருக்கும் நல்லாப் புரிஞ்சிருச்சு சார்," என்றார் டீச்சர், பூரிப்பாக.

பின்வரிசைப் பெண் எழுந்தாள். "அப்போ மஞ்சள் சட்டை போட்டுக்கிட்டா பொய் சொல்லலாமா சார்?"

வகுப்பு சிரித்தது. பொம்மைக்காரருக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை நாளும் பிள்ளைகள் பாட்டைப் பார்த்தார்களா, சட்டையைப் பார்த்தார்களா?

ஸ்டூடியோவுக்குத் திரும்பியவர் வண்ணப் பெட்டியைத் திறந்தார். இருவருக்கும் ஒரே மஞ்சளைப் பூசினார். 'டொய்ங்'கை அழித்தார். மற்ற அச்சு அப்படியே இருந்தது. முதலாளியம்மாவுக்கு அனுப்பிவிட்டு நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

போன் அடித்தது.

"என்னய்யா இது, ரெண்டு பேரும் மஞ்சள்! யாரு நல்லவன்னே தெரியலையே?"

"எனக்கும் தெரியலம்மா."

"விளையாடுறீங்களா?"

"இல்லம்மா. நெசமாவே தெரியல. அதுக்குத்தான் பாட்டை முதல்ல வைக்கிறோம்."

மறுமுனையில் பட்டனைத் தட்டும் சத்தம். பிறகு அந்தப் பாட்டு மெல்லக் கேட்டது. முடிந்தது. மறுபடியும் முதலிலிருந்து ஓடியது. தொடர் கையில் இருக்கிறதா, போய்விட்டதா என்று புரியாமல் அவர் போனைக் காதிலேயே வைத்திருந்தார்.