பதினொரு நாள் பிந்திய குரல்

பத்தாம் நோன்பு அன்று லுஹர் தொழுதுவிட்டு முசல்லாப் பாயை மடித்துக்கொண்டிருந்தபோது றினாஸ் பேசினான்.

“உம்மா, பெருநாளைக்கி இன்னும் முப்பத்திரெண்டு நாள். வீட்டத் தூசி தட்டிக் கழுவுங்க. ஒட்டடைக்கி நீங்க ஏற வாணாம், ஆரையும் புடிங்க.”

ஸகியா திரும்பிப் பார்த்தாள். மேசையில் கிடந்த போன் தானாகவே வெளிச்சமாகி அடங்கியது. மகன் கட்டாரில் இருக்கிறான். இது போன வருசம் லீவில் வந்தபோது அவன் போனில் பதிந்து வைத்துவிட்டுப் போன குரல்.

அவள் சிரித்தாள். பிறகு மனத்துக்குள் கணக்குப் பார்த்தாள். பத்து நோன்பு முடியப் போகிறது. முப்பது என்றே வைத்தாலும் பெருநாளைக்கு இருபத்தொரு நாள்தான் மிச்சம். முப்பத்திரண்டு எப்படி வரும்? குரல் சொல்வது பிழை. அது அவளுக்கு அந்த நிமிடமே தெரிந்துவிட்டது. தெரிந்தும் அவள் எழுந்துபோய் விளக்குமாற்றில் நீளக் கம்பைக் கட்டினாள்.

மற்ற வருசங்களில் நோன்பு தொடங்க முந்தியே அவள் ஊரான சாய்ந்தமருதில் எல்லா வீடும் கழுவி முடிந்துவிடும். இந்த முறை அவள் வீடு மட்டும் அப்படியே கிடந்தது. ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

கணவர் ஷரிபுதீன் உயிரோடு இருந்த காலத்தில் பெருநாள் அவர் வாயில்தான் தொடங்கும். பள்ளிவாசலால் வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டே, “ஸகியா, இன்னும் இருபத்தெட்டு நாள்” என்பார். மறுநாள், “இருபத்தேழு.” அவளுக்கு எரிச்சலாக இருக்கும். “எனக்கு எண்ணத் தெரியாதா? புள்ள பெத்த நாளையும் நீங்கதானா எண்ணித் தந்த?” என்று ஏசுவாள். அவர் மௌத்தான பிறகு வந்த முதல் பெருநாளில்தான், இருபத்தாறு வருசமாகத் தான் எதையும் எண்ணியதே இல்லை என்பது அவளுக்குப் புரிந்தது. அந்தப் பெருநாளுக்கு வீட்டில் ஒரு முறுக்குக்கூடச் சுடவில்லை.

அதைப் பார்த்துத்தான் றினாஸ் அடுத்த லீவில் அந்த வேலையைச் செய்தான். நிலத்தில் சம்மணம் போட்டிருந்து நான்கு முறை பேசிப் பதிந்தான். வீடு கழுவ ஒன்று, உடுப்புத் தைக்கக் கொடுக்க ஒன்று, சாமான் வாங்க ஒன்று, பலகாரம் சுட ஒன்று. “இனி ஒவ்வொரு வருசமும் தானா அடிக்கும் உம்மா, நான் இல்லாட்டியும்” என்றான். அவன் குரல் அவனுடைய வாப்பாவின் குரலை உரித்து வைத்ததுபோல இருந்தது.

மூத்தவன் றிஸ்வான் இருக்கிறான்தான். கல்யாணம் முடித்து ஆறு மாதம். இந்தப் பக்கத்து வழக்கப்படி பெண்ணுக்குத்தான் வீடு. மாப்பிள்ளை அங்கேதான் போய்க் குடியிருப்பான். றிஸ்வானும் ஒரு பையோடு பெண்ணின் ஊரான மருதமுனைக்குப் போனான். பெண் பெற்றவர்கள் வீடு கட்டக் கஷ்டப்படுகிறார்கள், ஆண் பெற்றவர்களுக்கு அந்தக் கவலை இல்லை என்று ஊரில் சொல்வார்கள். ஆண்களை மட்டும் பெற்றவளின் வீடு கடைசியில் எத்தனை பெரிதாகிவிடுகிறது என்பதை யாரும் சொல்வதில்லை.

இந்த வருசம் ஒரு காரியம் அவளுக்கென்று இருந்தது. புது மருமகளுக்கு முதல் பெருநாள் உடுப்பு மாப்பிள்ளை வீட்டார்தான் எடுத்துக் கொடுக்கவேண்டும். நோன்புக்கு முந்தியே கல்முனையில் ஐந்து கடை ஏறி இறங்கி, மயில் கழுத்து நிறத்தில் ஒரு சல்வார்த் துணி எடுத்துவிட்டாள். மருமகள் றஸ்னாவே அளவு உடுப்பைக் கொண்டுவந்து தந்தாள்.

“தைச்செடுத்து அனுப்புங்க மாமி. பெருநாளண்டு இத உடுத்திட்டு முதல்ல உங்கட ஊட்டதான் வருவன். காலச்சாப்பாடு இஞ்சதான்.”

“உங்கட உம்மா ஏசமாட்டாவா?”

“ஏசினா ஏசட்டும். அவக்கு என்ட மொகம் பாத்து அலுத்துப் போயிருக்கும்.”

அதைச் சொல்லி அந்தப் பிள்ளை சிரித்த சிரிப்பை ஸகியா பல நாள் வைத்துக்கொண்டிருந்தாள். பெருநாள் காலையில் இந்த வீட்டு வாசலில் ஒரு பெண் புது உடுப்போடு வந்து நிற்பாள். அது ஒன்றுதான் அவளுக்கு இந்த வருசத்துப் பெருநாள்.

ஆனாலும் துணி அலுமாரியிலேயே கிடந்தது. அடுத்த தெருவில்தான் தையல்காரி றபீக்காவின் வீடு. ஒவ்வொரு நாளும் அலுமாரியைத் திறந்து துணியைத் தொட்டுப் பார்த்துவிட்டு மூடினாள். இன்றைக்குக் குரல் வரும், நாளைக்கு வரும். அந்தக் குரல் “போங்க” என்று சொல்லவேண்டும். அப்போதுதான் அவளை ஒருவர் அனுப்பிவைத்ததுபோல இருக்கும். தானாகப் போனால், தனியாகப் போகிறவள் ஆகிவிடுவாள். இப்படியெல்லாம் அவள் நினைத்தாள் என்று சொல்லமுடியாது. செருப்பைப் போட மட்டும் கால் வரவில்லை.

பதினேழாம் நோன்பு அன்று குரல் வந்தது. “உம்மா, இன்னும் இருபத்தைஞ்சு நாள். உடுப்பத் தைக்கக் குடுத்தாச்சா? இண்டைக்கே குடுங்க, பொறகு எடுக்கமாட்டாங்க.”

துணியையும் அளவு உடுப்பையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போனாள். றபீக்காவின் மிசின் சத்தம் வாசலுக்கு வெளியேயே கேட்டது. உள்ளே கால் வைக்க இடமில்லாமல் துணிப் பைகள் கிடந்தன.

“ராத்தா, சிரிக்கிறதா அழுகிறதா?” றபீக்கா காலை மிசினிலிருந்து எடுக்காமலே சொன்னாள். “பன்னெண்டாம் நோன்போட ஓடர் நிப்பாட்டிட்டன். இந்தா பாருங்க, இது நீதவான்ட பொஞ்சாதிட. அவவுக்கே நாளைக்கித்தான் வெட்டப்போறன்.”

“ஒரே ஒரு உடுப்பு, றபீக்கா. என்ட மருமகளுக்கு முதல் பெருநாள்.”

“மருமகளுக்கா? அப்ப என்னகா இவ்வளவு நாளும் நித்திரையா கிடந்த நீங்க? ஊர்ல உள்ள மாமிமார் நோன்புக்கு முந்தியே வந்து வரிசையில நிண்டாங்க.”

போன் சொல்லவில்லை என்று எப்படிச் சொல்வது?

கல்முனையில் மூன்று தையல் கடைகளில் கேட்டாள். மூன்றிலும் தலையை ஆட்டினார்கள். பஸ்ஸால் இறங்கி வீட்டுக்கு வரும்போது நோன்பின் களைப்பில் கண் இருட்டியது. நோன்பு திறந்து மஃரிப் தொழுதுவிட்டு, அவன் பேசும் வெள்ளிக்கிழமைக்குக் காத்திராமல் தானே றினாஸுக்குப் போன் அடித்தாள்.

“என்ன உம்மா, சுகமில்லையா?” அவன் பதறிக்கொண்டு எடுத்தான்.

“நல்லாத்தான் இருக்கன். உன்ட போன் பிந்திச் சொல்லுது மகன்.”

முதலில் அவனுக்கு விளங்கவில்லை. விளங்கியதும் சிரித்துவிட்டான். “அல்லாஹ்வே! அது போன வருசத்து இங்கிலிஸ் திகதிக்குப் போட்டது உம்மா. ‘ஒவ்வொரு வருசமும்’ண்டு அமத்தி விட்டுட்டன். பெருநாள் வருசா வருசம் பதினொரு நாள் முந்தி வருமே. அது பழைய திகதியிலயே நிண்டு அடிக்குது. நான் யோசிக்கல்ல.”

“ம்.”

“ஆனா உம்மா, நீங்க நோன்பு புடிக்கிறீங்கதானே? எத்தினையாம் நோன்புண்டு உங்களுக்குத் தெரியும்தானே?”

அந்தப் பக்கத்தில் யாரோ அவனைக் கூப்பிட்டார்கள். தட்டுகள் உரசும் சத்தம் கேட்டது.

“தெரியும்” என்றாள் கடைசியில்.

“அப்ப ஏன் உம்மா?”

உன் குரல் சொல்லும்வரை இருந்தேன் என்று சொல்லலாம். சொன்னால் அவன் அங்கே ஒரு கவளம் இறக்கமாட்டான். “மறந்து போயிட்டன் மகன். வயசு போகுதுதானே.”

“ஐம்பத்திரெண்டு ஒரு வயசா? சரி, அத அழிச்சிருங்க. நான் புதுசா திகதி பாத்து அனுப்புறன்.”

“வாணாம். அனுப்பாத. நான் எண்ணிக்கொள்றன்.”

அன்றே அழிக்கப் போனாள். நான்கும் வரிசையாக நின்றன. விரலை வைத்துவிட்டு எடுத்தாள். பிறகு நான்கையும் ஒரு தடவை கேட்டாள். கேட்டுவிட்டு ஒவ்வொன்றாக அழித்தாள். கடைசியாக அழித்தது பலகாரத்தை.

மறுநாள் றிஸ்வான் வந்தபோது உடுப்பு விசயத்தைச் சொன்னாள். அவன் கதிரையில் இருக்காமலே கேட்டான்.

“அதுக்கென்ன உம்மா, விடுங்க. றஸ்னாட உம்மாவும் ஒண்டு எடுத்துக் குடுத்திருக்காங்க. அத உடுத்துவா.”

“அப்ப காலைல வருவாளா?”

“பின்னேரம் எப்பிடியும் வருவம்.” சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளைத் திருப்பினான். காலை பின்னேரமானது அவனுக்குத் தெரியவேயில்லை.

அதற்குப் பிறகு அவள் எண்ணினாள். வாய்விட்டே எண்ணினாள். “இன்னும் பன்னெண்டு.” வெறும் வீட்டில் அது முதல் நாள் பைத்தியக்காரத்தனமாக இருந்தது. “ஒன்பது” ஆனபோது பழகிவிட்டது. சாமான் வாங்கினாள். நான்கு நாள் இருக்கும்போது பெருநாள் பலகாரத்துக்குத் தொதல் கிண்டினாள். பெரிய தாச்சியில் தொதல் கிண்ட இரண்டு பேர் வேண்டும். ஒருவர் கை ஓய்ந்தால் அடிப்பிடித்துவிடும். சின்னச் சட்டியில், ஒரு தேங்காய்ப் பாலில், நோன்போடு இரண்டு மணித்தியாலம் தனியாகக் கிண்டினாள். எண்ணெய் கக்கி உருண்டு வந்தபோது தோள் கழன்றுவிடும்போல இருந்தது. ருசி பார்க்கவும் முடியாது.

பெருநாள் காலையில் குளித்துச் சீலை உடுத்தித் தொழுகைக்குப் போய் வந்தாள். தெருவெல்லாம் அத்தர் வாசம். பக்கத்து வீடுகளில் சிரிப்பும் சட்டிகளின் சத்தமும். அவள் மேசையில் தொதலை வெட்டி வைத்துவிட்டு முன் கதிரையில் இருந்தாள். பின்னேரத்துக்கு இன்னும் எட்டு மணித்தியாலம்.

மாப்பிள்ளையின் உம்மா பெருநாள் காலையில் அழைப்பில்லாமல் சம்பந்தி வீட்டுக்குப் போவது வழக்கமில்லை. யாரும் போகச் சொல்லவில்லை. சொல்லப் போவதுமில்லை. அவள் தொதலை ஒரு டப்பாவில் அடுக்கினாள். தைக்காத துணியையும் அளவு உடுப்பையும் பையில் வைத்தாள். அபாயாவைப் போட்டு வீட்டைப் பூட்டினாள். சந்தியில் ஒரு த்ரீவீல் நின்றது.

மருதமுனை வீட்டில் றஸ்னா ஈரக் கூந்தலோடு கதவைத் திறந்தாள். உம்மா கொடுத்த சிவப்பு உடுப்பு உடம்பில் இருந்தது.

“மாமி! தனியாவா வந்தீங்க? இவர் ஒண்டும் சொல்லல்லியே!”

“அவனுக்கும் தெரியாது மகள்.”

முன் அறைக் கதிரையில் இருத்தினார்கள். சம்பந்திக்காரி சஹ்லா வட்டலப்பமும் சர்பத்தும் கொண்டுவந்து வைத்தாள். விருந்தாளிக்கு வைக்கிற கண்ணாடித் தட்டில். றிஸ்வான் உள்ளேயிருந்து வந்து, “உம்மா?” என்று மட்டும் சொல்லிவிட்டு நின்றான். ஸகியா பையைத் திறந்து துணியை எடுத்தாள்.

“தைக்கல்ல மகள். புடவைக் கடையில மடிச்ச மடிப்பு அப்பிடியே கிடக்கு. பிழை என்னிலதான்.”

றஸ்னா துணியை விரித்துச் சிவப்பு உடுப்பின் மேலேயே தோளில் போட்டு, உம்மாவிடம் திரும்பினாள். “பாத்தீங்களா? எனக்கு எந்த நிறம் எடுக்கும்ண்டு மாமிக்குத் தெரிஞ்சிருக்கு. உங்களுக்குத் தெரியல்ல.”

“ஓம், நான் பெத்தது மட்டும்தான்” என்றாள் சஹ்லா. எல்லாரும் சிரித்தார்கள்.

சிரிப்பு அடங்கியது. சர்பத் முடிந்தது. சமையலறையில் இறைச்சி கொதித்தது. விருந்தாளி எழும்பவேண்டிய நேரம் இது என்று ஸகியாவுக்குத் தெரிந்தது. ‘இருந்து சாப்பிட்டுட்டுப் போங்க’ என்று யாராவது சொல்லும்வரை பார்த்துக்கொண்டிருக்கலாம். சொல்வார்கள். சொல்லாமலும் விடலாம்.

“மகள்,” என்றாள். தன் குரல் தனக்கே பெரிதாகக் கேட்டது. “நான் இண்டைக்கி இஞ்ச சாப்பிடட்டா? ஊட்ட தனியாச் சாப்பிட ஏலாம கிடக்கு.”

அரை நிமிடம்கூட இருக்காது. சஹ்லா மகளைப் பார்த்தாள். றிஸ்வான் நிலத்தைப் பார்த்தான். அந்த அரை நிமிடத்தை ஸகியா முழுதாகக் கேட்டாள்.

“இதக் கேக்கிறதா மாமி?” றஸ்னா அவள் கையிலிருந்த வெறும் கிளாசை வாங்கினாள். “அபாயாவக் கழட்டிட்டு உள்ளுக்கு வாங்க. உம்மா சலாதுக்கு வெங்காயம் வெட்டச் சொல்லி என்னக் கொல்றா.”

ஸகியா எழுந்து, அபாயாவை மாட்ட எங்கே ஆணி இருக்கிறதென்று சுவரைப் பார்த்தாள்.