தட்டில் விழுந்த கீறல்கள்

ஓசூரில் எங்கள் பேக்கரியில் மூணு பால் கேக்கை என் வீட்டுக்காரர் இக்னேஷியஸ்தான் செய்வார். "முள்கரண்டியால பாதி ஆழம்தான் குத்தணும் மேரி. அடி வரைக்கும் குத்தினா பால் கீழ ஓடிப்போய் அடி சொதசொதன்னு ஆயிடும். கொஞ்சங்கொஞ்சமா ஊத்து" என்பார். எனக்கு ஏது பொறுமை?

அவருடைய முதல் நினைவுநாள் பூசைக்கு அதே கேக் வேண்டும் என்றாள் நாத்தனார் பெனிஷா. ஆறிய ஸ்பாஞ்சைத் தட்டோடு எடுத்து வைத்தேன். என்னைத் தனியாக விட்டுப் போனவர் மேல் இருந்த கோபமெல்லாம் கையில் இறங்கியது. ஒவ்வொரு குத்துக்கும் முள்கரண்டி தட்டில் 'டங்'கென்று இடித்தது. பசும்பால், சுண்டக் காய்ச்சிய பால், டப்பாவில் வரும் இனிப்புப் பால் மூன்றையும் கலந்து ஒரே மூச்சில் கவிழ்த்துவிட்டு ஃபிரிட்ஜில் வைத்தேன்.

மறுநாள் பூசை முடிந்து வந்து வெட்டினோம். "அப்படியே அண்ணன் கை அண்ணி" என்று பெனிஷா அழுதாள்.

தட்டில் ஒரு சொட்டுப் பாலும் தேங்கியிருக்கவில்லை. ஒரு துண்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். அடியில் ஒரு ஓட்டைகூட இல்லை.

தட்டில் அந்தத் துண்டு இருந்த இடம் முழுக்க என் முள்கரண்டி போட்ட கீறல்கள்.