கொச்சியில் கொச்சிக்காய் கிடையாது

1

இந்தக் கதை ஒரு மிளகாய்த்தூள் பொட்டலத்திலிருந்து பிறந்தது. முதலிலேயே சொல்லிவிட்டேன், பிறகு சரக்கு சரியில்லை என்று திருப்பிக்கொண்டு வராதீர்கள். மாவனல்லையில் துணியும் பலசரக்கும் விற்கிற குடும்பம் எங்களுடையது. முதலில் சொன்ன விலைக்கு நாங்கள் எதையும் வாங்கியதில்லை. அதனால் முதலில் வந்த வரியையும் நான் நம்புவதில்லை.

‘1998இல் ஒரு மழைநாளில் சதீஸ் என்ற இளைஞன்...’ (மழையை எடுத்துவிட்டேன். எங்கள் கேகாலை மாவட்டத்தில் மழை ஒரு செய்தியா?)

‘பொட்டலத்தின் மேல் யாழ்ப்பாணம் என்றிருந்தது, உள்ளே...’ (பொறுங்கள். இதற்குள் சொன்னால் மாமா கடையை மூட வேண்டியதுதான்.)

2

சதீஸ் புளத்கொகுபிட்டிய தோட்டத்துப் பையன். என் மாமா கபூரின் சரக்கைத் தோளில் சுமந்து தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், லயம் லயமாக விற்பவன். சரக்கின் பெயருக்கு முன்னால் ஓர் ஊரை நிறுத்தச் சொல்லிக் கொடுத்தவர் மாமாதான். ஊர் நின்றால் விலை நிற்கும்.

அப்படி நிற்கும் ஊர்ப்பெயர்களில் பாதி உண்மை. இடுப்பில் கட்டும் பாளையகாட் சாரம் என்பது பழவேற்காட்டின் பெயர். அந்தத் துறையில் ஏறிய கட்டம்போட்ட துணி மலாயாவில் ‘பெலிகாட்’ என்று இறங்கியது. மஸ்லினுக்குப் பெயர் மோசூல் தந்தது. நெய்ததோ பெரும்பாலும் டாக்கா. அவுரிச் சாயத்தைக் கிரேக்கர் ‘இந்தியாவினது’ என்றார்கள், அது இண்டிகோ ஆயிற்று. மிளகாய் அமெரிக்காவில் பிறந்து, போர்த்துக்கேயர் கப்பலில் வந்து, கொச்சி வழியாக எங்களிடம் கொச்சிக்காய் ஆனது.

(கொச்சியில் போய்க் கொச்சிக்காய் கேட்டுப் பாருங்கள், சிரிப்பார்கள். ஊர்ப்பெயரை வைப்பவன் விளைவிப்பவன் அல்ல, வாங்குபவன். அதுவும் பிறந்த ஊரை அல்ல, கடைசியாக ஏற்றிய துறையை.)

3

சோதனைச் சாவடியில் சிப்பாய் மூட்டையைத் தட்டி என்னவென்று கேட்டான். சதீஸ் வாய் பழகியபடி, பெருமையாகவே, சிங்களத்தில் சொன்னான்: “யாழ்ப்பாணத்து மிளகாய்த்தூள் சேர். மோந்து பாருங்க.”

போரில் யாழ்ப்பாணப் பாதை மூடிக் கிடந்த காலம். அங்கிருந்து சரக்கு வந்ததென்றால் கொண்டுவந்தவன் புலி என்றுதான் எழுதுவார்கள்.

மறுநாள் காலையில் பொலிஸ் நிலையப் பெஞ்சில் அவன் இருந்தான். மாமாவும் நானும் இன்ஸ்பெக்டரின் மேசைக்கு முன்னால். சதீஸின் அம்மா ஜெயம்மா வாசற்படியில். பின்னேரம் கொழும்புக்கு வண்டி போகும் என்றார்கள். அதில் ஏறிய பையன்கள் எப்போது திரும்புவார்கள் என்று யாரும் சொல்வதில்லை.

மாமா வியர்த்தபடி பேரம் தொடங்கினார், சிங்களத்தில்.

“சேர், கொச்சிக்கா தம்புள்ளைச் சரக்கு. வறுத்து அரைச்சது எங்கட மில்லுல. பேரு மட்டுந்தான் யாழ்ப்பாணம். உங்கட ஊட்டுல மஸ்கட் அல்வா திண்டீக்கிறீங்களே, அது மஸ்கட்டுல இருந்தா வந்திச்சி? கடைத்தெருவுல கிண்டினது!”

இன்ஸ்பெக்டர் சிரித்தார். எனக்கு உயிர் வந்தது. அந்தத் தைரியத்தில் நானும் வாயைத் திறந்து பழவேற்காடு, மோசூல், கொச்சி எல்லாவற்றையும் கொட்டினேன்.

“பெயரைப் பிடித்துப் போனால் பழைய வியாபாரப் பாதை தெரியும் என்கிறாய்?”

“ஆமா சேர்.”

“சரி. இந்த யாழ்ப்பாணம் எந்தப் பாதையில் வந்தது? ஏற்றியது யார்?”

மாமா என் காலை மிதித்தார். “பாதையே இல்ல சேர். பேரெல்லாம் பொய். விலைக்காகத் தடவுற சாயம்!”

அப்போதுதான் ஜெயம்மா உள்ளே வந்து மகனின் பிறப்புச் சான்றிதழை மேசையில் விரித்தார். “ஐயா, புள்ள இங்கன பொறந்தவன். புளத்கொகுபிட்டிய ஆஸ்பத்திரியில. பாத்துக்குங்க.”

இன்ஸ்பெக்டர் பார்த்தார். இனம் என்ற இடத்தில் விரலை வைத்தார். இந்தியத் தமிழர்.

“இந்தப் பெயருக்குப் பாதை உண்டா, முதலாளி? இல்லை, இதுவும் சாயமா?”

4

மாமா எவ்வளவோ பேரம் பார்த்தவர். சான்றிதழை எடுத்து, விலைச்சீட்டு மாதிரி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். பெயர் உண்மை என்றால் தூள் யாழ்ப்பாணம். பெயர் பொய் என்றால் சான்றிதழ் பொய், பையனுக்கு வேறு சாட்சி இல்லை.

(அ) இன்ஸ்பெக்டர் தூளை நாக்கில் வைத்து, இருமி, விட்டுவிடுகிறார். இது கடைக்காரன் எழுதும் முடிவு.

(ஆ) வண்டி வருகிறது. சதீஸ்... இதை எழுதக் கை வரவில்லை.

(இ) ஜெயம்மா பேசுகிறார்:

“இந்தியாவுக்கு நாங்க போனதில்லீங்க. இவன் கடலயே பாத்ததில்ல. என் பாட்டன தோட்ட வேலைக்குக் கப்பல்ல ஏத்துன எடத்த எங்க மேல எழுதி வச்சிருக்காங்க. நாங்களா வச்சோம்?”

இந்தியாவில் யாரையும் இந்தியத் தமிழர் என்று அழைப்பதில்லை. இதைத்தான் நான் அங்கே சொல்லியிருக்க வேண்டும் என்று நினைக்கிறீர்கள். சொல்லிப் பாருங்கள்: இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்து வைத்திருக்கிறார், சதீஸ் உங்கள் வாயையே பார்க்கிறான், வெளியே ஏதோ வண்டி நிற்கும் சத்தம். “இவன் எந்த ஊர்?” என்கிறார். நீங்கள் சொல்வதைத்தான் அவர் எழுதப்போகிறார்: