சரிவில் இருந்த அடிக்கட்டைகள்

கம்பெனிக்கு அவள் கொடுக்க வேண்டிய பாக்கி நாற்பத்தேழாயிரத்து அறுநூற்று ஐம்பது. விதை, உரம், பூச்சி மருந்து, சூளைக்குள் ஓடும் இரும்புக் குழாய் எல்லாம் அதில் அடக்கம். கடன் வாங்கியவன் அவள் புருஷன். போன வருஷம் ஒரு மத்தியானம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவே இல்லை. கடன் மட்டும் எழுந்து வந்து அவள் தோளில் ஏறிக்கொண்டது. இந்தப் பருவம் இலை விற்று அடைக்காவிட்டால், ஈடாக எழுதிக் கொடுத்த நிலம் கம்பெனிக்குப் போய்விடும். இருப்பதே அந்த ஒரு துண்டுதான், மேட்டுச்சரிவின் காலடியில்.

புருஷன் போன பிறகு சூளையை அவளே எரித்தாள். அதனால் ஊரில் அவளுக்குச் சூளைக்காரி என்றே பெயர் விழுந்துவிட்டது. துணைக்குக் கொழுந்தன் இருந்தான். வாயும் கையும் ஒரே வேகத்தில் ஓடுகிற ஆள்.

சூளை என்றால் உயரமான மண்சுவர் அறை. அடுப்பு வாய் வெளியே இருக்கும். அங்கே விறகு எரிய, சூடு இரும்புக் குழாய்களில் ஏறித் தரையோடு சுற்றி, கூரைக்கு மேல் புகையாகப் போகும். உள்ளே குச்சிகளில் கட்டிய புகையிலை அடுக்கடுக்காகத் தொங்கும். இலையில் புகை படக்கூடாது, சூடு மட்டும்தான் படவேண்டும். முதல் இரண்டு நாள் இளஞ்சூட்டில் இலை மஞ்சளாகும். பிறகு மேல் ஜன்னலைத் திறந்து சூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி இலையை உலர்த்த வேண்டும். கடைசியில் ஜன்னலை மூடிச் சூட்டை உச்சத்துக்குக் கொண்டுபோய் நடு நரம்பை உலர்த்த வேண்டும். நரம்பு ஒடித்தால் படக்கென்று ஒடிய வேண்டும். வளைந்தால் வேலை முடியவில்லை. அந்த நேரத்தில் அடுப்பு தணிந்ததோ, நரம்பில் இருக்கும் ஈரம் இலைக்குத் திரும்பி வந்து மஞ்சள் எல்லாம் கருத்துப்போகும். கருத்த இலையைக் கம்பெனிக்காரர் காலால்கூடத் தொடமாட்டார்.

இதற்கெல்லாம் விறகு வேண்டும். ஒரு சூளை நிறைய இலையைப் பக்குவம் பண்ண, அந்த இலையின் எடையைப்போலப் பல மடங்கு விறகு. ஊரில் சூளைகள் பெருகப் பெருக, பக்கத்து மலை தலை வழித்த மாதிரி ஆகிவிட்டது. கம்பெனி கொடுத்த யூகலிப்டஸ் கன்றுகள் பாதி செத்து, மீதி விளக்குமாற்றுக் குச்சியாக நின்றன. இப்போது விறகு வருவது மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து, வண்டிக்காரன் சொன்ன விலைக்கு.

அந்த முறை சூளை ஏற்றி நான்காம் நாள் காலை வண்டிக்காரன் வந்தான். வண்டியில் பாதி வெறுமையாக இருந்தது. மீதிப் பாதியும் ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது.

"என்ன இது? முழு வண்டிக்கு முன்பணம் வாங்கிட்டுப் போனீங்களே!"

"என்னம்மா பண்றது? அந்தப் பக்கம் காவல் போட்டுட்டாங்க. காவல் இல்லாத இடத்துல மரம் இல்ல. மரம் இருக்கிற இடத்துல காவல். நான் என்ன என் கால வெட்டியா ஏத்தறது?"

"உங்க கால் எரியாது. அவ்வளவும் கொழுப்பு," என்றான் கொழுந்தன்.

வண்டிக்காரனுக்குச் சிரிப்பு வரவில்லை. விறகை இறக்கிவிட்டுப் போய்விட்டான்.

சூளைக்காரி ஈர விறகை அடுப்புக்குள் தள்ளினாள். அது சீறியது, புகைந்தது, சூடு கொடுக்கவில்லை. சூளைச் சுவரில் பதித்த சின்னக் கண்ணாடிக்குப் பின்னால் தொங்கிய சூடு காட்டும் மானியில் முள் இறங்கத் தொடங்கியது. இலை காய்ந்துவிட்டது, நரம்பு காயவில்லை. மிச்சமிருந்த காய்ந்த விறகு அன்று மாலை வரைகூடத் தாங்காது. மாட்டுக் கொட்டகையின் தூண்கள் போன சூளையிலேயே போயாயிற்று.

"தம்பி, கடப்பாரையை எடு."

"எதுக்கு அண்ணி?"

அவள் சரிவைப் பார்த்தாள். அவனும் பார்த்தான். சரிவில் கயிறு பிடித்துப் பங்கு பிரித்த மாதிரி கீழிருந்து மேல்வரை வரிசை வரிசையாக அடிக்கட்டைகள் இருந்தன.

ஊரில் மரம் என்று மிச்சமிருந்தது அவை மட்டும்தான். மரங்கள் போன பிறகு பெண்கள் எல்லாரும் கூடி ஒன்று பேசியிருந்தார்கள். வீட்டுக்கு ஒரு பங்கு. அடிக்கட்டையிலிருந்து தழைத்து வரும் கிளை மணிக்கட்டுக் கனம் ஆனதும் வெட்டிக்கொள்ளலாம். ஆனால் கட்டையின் மேல் கடப்பாரை படக்கூடாது. கட்டை உயிரோடு இருந்தால் மறுபடி தழைக்கும். ஊரின் அடுப்பெல்லாம் அந்தக் கிளைகளில்தான் எரிந்தது. சூளைக்கு அது உதவாது. சருகு மாதிரிப் படபடவென்று எரிந்து தீர்ந்துவிடும். கட்டை அப்படியல்ல. பிளந்து கங்கின் மேல் போட்டால் நின்று எரியும்.

"என் பங்குல மட்டும்தான்," என்றாள். "மேல்வரிசை. எனக்கு வேணாம்னு நான் தோண்டுறேன். யாரு கேக்கறது?"

"அக்கா கேப்பாங்க."

"அக்கா" என்றது அவன் தமக்கையை, அவளுடைய நாத்தனாரை. அந்த ஒப்பந்தத்தை ஊரில் பேசி முடித்ததே அவள்தான்.

வெயில் ஏறும்போது இருவரும் மேல்வரிசையில் தோண்டிக்கொண்டிருந்தார்கள். கல்லுக்குள் கல்லாக வேர் ஓடியிருந்தது. ஒவ்வொரு கட்டையும் வெளியே வரும்போது கூடவே கூடைக்கணக்கில் மண் சரிந்தது. நாலாவது கட்டையில் நாத்தனார் வந்து நின்றாள். இடுப்பில் அரிவாள், பின்னால் நாலைந்து பெண்கள்.

"என்னடி இது? பல்லைப் பிடுங்கற மாதிரி பிடுங்கறே?"

"என் பங்குதானே அக்கா."

"பங்கு கிளைக்கு. கட்டைக்கு யாரு பங்கு கொடுத்தா?"

"நரம்பு காயல. அடுப்பு அணைஞ்சா இலை போச்சு, இலை போச்சுன்னா நிலம் போச்சு. நீங்க வந்து கட்டுவீங்களா கடனை?"

"நான் எங்கேடி கட்டறது? எங்க வீட்டுலயும் அதே கம்பெனி கடன்தான். அதுக்காக நாளைக்குச் சோறு பொங்கற விறகை இன்னிக்கே பிடுங்குவியா?"

"அக்கா, நாளைக்கு நிலம் இல்லன்னா பொங்கறதுக்கு அரிசி ஏது?" என்றான் கொழுந்தன்.

"நீ வாயை மூடு. அண்ணி வாலைப் பிடிச்சுக்கிட்டே திரி."

பின்னால் நின்ற ஒருத்தி மெல்லச் சொன்னாள். "அவ சொல்றதும் ஞாயம்தானே. எங்க சூளையும் அரைகுறையாத்தான் நிக்குது."

நாத்தனார் திரும்பி அவளைப் பார்த்தாள். பிறகு அடுத்தவளை. யாரும் கண்ணைச் சந்திக்கவில்லை. எல்லார் வீட்டிலும் சூளை எரிந்துகொண்டிருந்தது. எல்லார் வண்டிக்காரனும் ஒரே வண்டிக்காரன்தான்.

"அப்ப இவ ஒருத்தியோட முடியாது," என்றாள் நாத்தனார். சரிவில் இறங்கிப் போனாள்.

சூளைக்காரிக்கு அது உறைத்தது. உறைத்தாலும் கை நிற்கவில்லை. மத்தியானத்துக்குள் கட்டைகளை ஆப்பு வைத்துப் பிளந்தார்கள். அடுப்பின் தலைமேல் பரப்பி ஈரம் போக்கினார்கள். பிறகு ஒவ்வொன்றாகக் கங்கின் மேல் வைத்தாள். முதலில் பிசின் கொதித்து நுரை தள்ளியது. அப்புறம் பிடித்துக்கொண்டது. இறங்கிய முள் நின்றது, தயங்கியது, ஏறியது. அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் அந்தக் கட்டைகளே நின்று எரிந்தன. ஏழாம் நாள் காலை ஓர் இலையை எடுத்து நரம்பை ஒடித்தாள். படக்கென்று ஒடிந்தது. கொழுந்தன் அந்தச் சத்தத்தைத் தானும் கேட்க வேண்டும் என்று இன்னொன்றை ஒடித்தான்.

சூளைக் கதவைத் திறந்துவிட்டு வெளியே வந்தபோதுதான் மேலே சத்தம் கேட்டது. கடப்பாரைகள். அரைகுறையாக நின்ற சூளைக்காரர்கள் எல்லாரும் தத்தம் பங்கில் தோண்டிக்கொண்டிருந்தார்கள். அவளைப்போல மேல்வரிசையோடு நிற்கவில்லை. ஒருவர் தோண்டி மற்றவர் தோண்டாவிட்டால் நஷ்டம் தோண்டாதவருக்கு என்று ஆகிவிட்டது. பக்கத்துப் பங்கிலும் கை வைத்தார்கள் என்று இரண்டு வீடுகள் அரிவாளோடு நின்றன. வாரம் முடிவதற்குள் சரிவில் கட்டை என்று ஒன்று இல்லை. குழிகளும் குவித்த மண்ணும்தான் இருந்தன. நாத்தனாரும் தன் பங்கைத் தோண்டினாள். விட்டு வைத்தால் ராத்திரியோடு ராத்திரியாக வேறு யாராவது எடுத்துப்போவார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

இலை நல்ல மஞ்சளாக இறங்கியது. கம்பெனிக்காரர் மூட்டைகளைப் பிரித்து, மோந்து, கையில் உருட்டிப் பார்த்துத் தரம் போட்டார். மூன்று மூட்டை முதல் தரம். மீதியை அடுத்த தரத்தில் தள்ளினார். அது அவர் வழக்கம். எல்லாம் கழித்து அவளுக்கு மிச்சமிருந்த பாக்கி எட்டாயிரத்து நானூறு.

"நல்லாப் பண்ணியிருக்கீங்கம்மா. இதை அடுத்த பருவம் தீர்த்துடலாம். நிலம் உங்க கையிலதான் இருக்கு, கவலைப்படாதீங்க," என்றார்.

அன்று முதல்தடவையாக அவள் வயிறாரச் சாப்பிட நினைத்தாள். அடுப்பில் வைக்க விறகு இல்லை. தெருவில் எந்த வீட்டிலும் இல்லை. பெண்கள் புகையிலைத் தண்டை வெட்டி அடுப்பில் வைத்தார்கள். அதன் புகை கண்ணை அறுத்தது, தொண்டையைப் பிடித்தது. பிள்ளைகள் இருமி இருமி வாந்தியெடுத்தார்கள். பிறகு பெண்கள் விடியும் முன்பே எழுந்து, காவலுக்குத் தெரியாமல் சுள்ளி பொறுக்க மலைக்கு அந்தப் பக்கம் நடக்க ஆரம்பித்தார்கள். போக அரைநாள், சுமந்து வர அரைநாள். சூளைக்காரியும் போனாள். யாரும் அவளோடு பேசவில்லை, யாரும் விரட்டவும் இல்லை. சுள்ளி எல்லாருக்கும் பொதுவாகக் குறைவாகத்தான் கிடைத்தது. ஒருநாள் பாதி வழியில் நாத்தனார் தன் சுள்ளிச் சுமையை இறக்கி வைத்துவிட்டு, "தண்ணி வச்சிருக்கியா?" என்று கேட்டாள். சூளைக்காரி கொடுத்தாள். குடித்துவிட்டு அவள் நடந்துவிட்டாள்.

மழை பருவத்துக்கு முன்னே வந்தது. இரண்டு நாள் தூறலாகத்தான் பெய்தது. மூன்றாம் நாள் ஊற்றியது. சரிவில் இருந்த குழிகளெல்லாம் நிரம்பின. ஒரு குழி உடைந்து அடுத்ததில் விழுந்தது. அதற்கு மேல் கணக்கில்லை. மேட்டுச்சரிவு ஒரு பெரிய செங்கல் நிறப் போர்வையாகக் கீழே வந்தது. முதலில் வந்தது மேல்வரிசை. அதன் கீழே இருந்தது அவள் நிலம்.

மழை விட்டதும் கொழுந்தனோடு போய்ப் பார்த்தாள். வரப்பு எங்கே என்று தெரியவில்லை. இடுப்பளவு கல்லும் மண்ணும். ஊர்க் கிணறும் தூர்ந்துபோயிருந்தது.

"அண்ணி, அள்ளிரலாம்," என்றான் அவன்.

"எங்க கொண்டுபோய்க் கொட்ட?"

அவன் குனிந்து ஒரு கல்லைத் தூக்கினான், சுற்றிலும் பார்த்துவிட்டு எடுத்த இடத்திலேயே வைத்தான்.

அடுத்த பருவத்துக்கு விதை கொண்டுவந்த கம்பெனிக்காரர் நிலத்தின் ஓரம் வரை நடந்தார். செருப்பு புதைந்தது. இழுத்து உதறினார்.

"இதுல என்னத்தம்மா விளையும்?"

"மண்ணை அள்ளினா..."

"அள்ற கூலிக்கு இந்த மாதிரி மூணு நிலம் வாங்கலாம். மேலிடத்துல பேசறேன்."

பேசினார். பதினைந்து நாள் கழித்து ஒரு லாரியும் ஒரு காகிதமும் வந்தன. ஈடாக எழுதிய நிலத்துக்கு இனி மதிப்பில்லை, எடுத்துக்கொள்வதால் லாபமில்லை, ஆகவே மீதிப் பாக்கி எட்டாயிரத்து நானூறு தள்ளுபடி, குழாய்கள் மட்டும் திரும்ப எடுத்துக்கொள்ளப்படும் என்று இருந்தது. கொழுந்தன் அதைச் சத்தமாக வாசித்தான்.

"நிலம் உங்களுக்கே. வேற எதுவும் தர வேண்டியதில்ல," என்றார் கம்பெனிக்காரர். நல்ல செய்தி சொல்வதுபோலத்தான் சொன்னார்.

லாரி ஆட்கள் சூளைக்குள் புகுந்து குழாய்களைக் கழற்றினார்கள். ஒவ்வொன்றும் வெளியே வரும்போது கருப்புக் கரி கொட்டியது. அவள் சூளைச் சுவரில் காகிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டாள்.