126/80 பதித்த வெள்ளித் தகடு

ஓடைப்பட்டி இன்னாசி, தம் இரண்டு கால்களும் பழைய செருப்புக்குள் சிரமமில்லாமல் நுழைந்த காலையில், பிரஷர் தம்மை விட்டுப் போய்விட்டதென்று முடிவு கட்டினார்.

அதற்கு அவரிடம் இரண்டு ஆதாரங்கள் இருந்தன. மாதம் ஒருமுறை வீட்டுக்கு வந்து பிரஷர் பார்த்து மாத்திரை கொடுக்கும் சுகாதாரப் பணியாளர் அனிதா மேரி, போன முறை அளந்தபோது 126/80 இருந்தது. நோய் இல்லாதவனுக்கு மாத்திரை எதற்கு என்று அன்றே நிறுத்திவிட்டார். நிறுத்திய சில நாட்களில், ஒரு வருடமாகக் கணுக்காலில் இருந்த வீக்கமும் வடிந்தது. இது இரண்டாவது ஆதாரம்.

பிரஷர் இருப்பதாக டாக்டர் முதலில் சொன்ன அன்றே, இது போனால் அந்தோணியாருக்கு வெள்ளி உரு வைப்பதாக நேர்ந்திருந்தார். கண் நோய் தீர்ந்தவர்கள் கண் பதித்த தகட்டையும், கால் வலி தீர்ந்தவர்கள் கால் பதித்த தகட்டையும் திருவிழாவில் வைப்பது வழக்கம். எனவே பந்தலில் திராட்சைக்குக் கிளை கழிக்கும் கவாத்து முடிந்ததும், கம்பம் ஊரில் கர்ணனின் வெள்ளிப் பட்டறைக்குப் போனார்.

"கண்ணு, காலு, கை, தொட்டில், மாடு, எல்லாத்துக்கும் அச்சு இருக்கு. பிரஷருக்கு இல்லையே பெரியவரே" என்றான் கர்ணன். "அது பாக்க எப்படி இருக்கும்?"

"யாரு பாத்தா?"

"நெஞ்சு போடவா?"

"நெஞ்சு நல்லாத்தானப்பா இருக்கு. சாமிக்கிட்ட இல்லாத வியாதியச் சொல்லவா?"

நெடுநேரம் யோசித்து, அளக்கும் மெஷினையே அடிப்பதென்று தீர்மானித்தார்கள். கையில் சுற்றும் பட்டை, ரப்பர் குழாய், நடுவில் 126/80. தகடு அழகாகவே வந்தது.

திருவிழாவுக்கு முந்தின நாள் அனிதா மேரி வந்தாள். மனைவி ஞானசெல்வி போன முறை தந்த மாத்திரை அட்டைகளைப் பிரிக்காதபடியே எடுத்து வந்து நீட்டினாள்.

"என்ன தாத்தா இது?"

"வியாதி போயிருச்சுத்தா. தலைவலி இல்ல, கிறுகிறுப்பு இல்ல."

"காப்பி குடிச்சு அரை மணி ஆச்சா? சாஞ்சு உக்காருங்க. காலைத் தரையில வைங்க. பேசாம இருங்க."

சிறிது நேரம் அப்படியே உட்கார வைத்துவிட்டு, வெறும் கையில் பட்டையைச் சுற்றி அளந்தாள். 184/108. சற்றுப் பொறுத்து மறுபடி அளந்தாள். 182/108.

"மெஷின் கெட்டுப்போச்சு" என்றார் இன்னாசி. "இவளுக்குப் பாரு."

ஞானசெல்விக்கு 118/76 இருந்தது. அவர் உடனே வெள்ளித் தகட்டை எடுத்து நீட்டினார்.

"இந்தா, இந்த மெஷின் என்ன சொல்லுதுன்னு பாரு!"

"தாத்தா, வலி இல்லாமலே இது உள்ள இருந்து அடிக்கும். மூளை, நெஞ்சு, கிட்னி, கண்ணு எல்லாத்துலயும் ரத்தக்குழாயக் கெடுக்கும். ஒருநாள் திடீர்னு கை கால் இழுத்துக்கிடும்."

"அப்ப கர்ணன்கிட்ட இருக்குற அச்சு பூராவும் வாங்க வேண்டியதுதான்" என்றாள் ஞானசெல்வி. பிறகு குரலை இறக்கி, "உள்ள நூத்தி எம்பத்தினாலு. வெளிய தகட்டுல நூத்தி இருபத்தாறு. அந்தோணியார் முன்னால இதப் பொய்ச் சாட்சியாவா வைக்கப் போறீக?" என்றாள்.

கை கால் இழுப்பதற்குப் பயப்படாதவர், இதற்குப் பயந்தார். அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் புறப்பட்டார், சட்டைப் பையில் தகட்டுடன்.

டாக்டர் நெஞ்சு, கண், சிறுநீர் எல்லாம் சோதித்தார். எதுவும் இன்னும் கெடவில்லை.

"வியாதி போகல பெரியவரே, மாத்திரை அமுக்கி வச்சிருந்துச்சு. கால் வீங்குனதும் அதே மாத்திரையாலதான். அம்லோடிபின் சிலருக்கு அப்படிச் செய்யும். சொல்லியிருந்தா மாத்திக் குடுத்திருப்பேன்ல?"

"போன மாசம் அளந்தப்ப நல்லா இருந்துச்சே?"

"மாத்திரை போட்டதாலதான் நல்லா இருந்துச்சு."

டெல்மிசார்டன் என்ற வேறு மாத்திரையை எழுதிக் கொடுத்து, இரண்டு வாரத்தில் கிட்னிக்கும் பொட்டாசியத்துக்கும் ரத்தம் பார்க்க வரச்சொன்னார்.

"இன்னைக்கே நூத்தி இருபத்தாறு ஆக்கிப்பிட முடியாதா? நாளைக்குத் திருவிழா."

"ஒரேயடியா இறக்குனா மூளைக்கு ரத்தம் போகாது. மெதுவாத்தான் வரும்."

"ரெண்டு மாத்திரை போட்டா?"

"ஒண்ணு!" என்றார் டாக்டர். அன்று முதல் அட்டை ஞானசெல்வியின் முந்தானையில் இருந்தது.

திருவிழா தகடு இல்லாமல் முடிந்தது. தகடு பிரிட்ஜ் மேல் நின்றது. தினமும் காலையில் அதற்கு எதிரே நின்றுதான் இன்னாசி மாத்திரை விழுங்கினார். உப்புக்குப் பயந்து ஊறுகாயையும் விட்டார். கால் வீங்கவில்லை.

அடுத்த முறை வந்தபோது அனிதா மேரி அளந்துவிட்டுச் சிரித்தாள். "நூத்தி முப்பத்திரண்டு, எம்பத்தினாலு. நூத்தி நாப்பதுக்குக் கீழ வந்தாச்சு. போதும் தாத்தா!"

இன்னாசி தகட்டைத் திரும்பிப் பார்த்தார். முகம் சுருங்கியது.

"உனக்குப் போதும்த்தா. அந்தோணியாருக்கு இன்னும் ஆறு கூட இருக்கே."

பிறகு மனைவியின் பக்கம் உள்ளங்கையை நீட்டினார்.

"ஏ செல்வி, இன்னைக்கு மாத்திரை எங்க?"