துடைத்தெடுத்த சிவப்பு

அந்தத் தாள்களை ஜான்சிக்கு முதல் பார்வையிலேயே பிடிக்கவில்லை. உப்பளத் தொழிலாளர் சங்கத்தின் பழைய உறுப்பினர் பட்டியல் அது. அச்சடித்த கம்ப்யூட்டர் எப்போதோ செத்துப்போயிருந்தது. மிஞ்சியது காகிதம். அதன் மேல் ஊதா முத்திரைகள், குறுக்கே சங்கத்தின் பெயர் சாம்பல் நீரெழுத்தாக, அங்கங்கே பேனாக் கிறுக்கல்கள். அடியில் கட்டம் போட்ட அட்டவணை மூச்சு முட்டிக் கிடந்தது.

புதுத் தொழிலாளர் அட்டைக்கு இந்தப் பட்டியல்தான் ஆதாரம். வாசிக்கும் மென்பொருளில் அப்படியே கொடுத்துப் பார்த்தாள். முத்திரை விழுந்த இடத்தில் ஊர்ப் பெயரெல்லாம் வெறும் புள்ளியும் கோடுமாக வந்தது.

"கறுப்பு வெள்ளையில ஸ்கேன் பண்ணா இப்படித்தான். எல்லாம் ஒரே கறுப்பாயிடும்" என்றாள் செயலர் பாலகுருவிடம். "கலர்ல திரும்ப எடுக்கணும் சார்."

"என்னமோ பண்ணும்மா. சுத்தமா வந்தா போதும்."

சுத்தமாக வந்தது. நிறப்படத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று அளவுகள். மூன்றில் எது அதிக வெளிச்சமோ அதை மட்டும் வைத்துக்கொண்டாள். சிவப்பு மை சிவப்பில் வெளுத்துவிடும். ஊதா நீலத்தில் வெளுத்துவிடும். அச்சின் கறுப்பு மட்டும் எதிலும் வெளுக்காது. அதன் பிறகு ஓர் அளவு வைத்து அதைவிட மங்கலானதையெல்லாம் வெள்ளையாக்கினாள். நீரெழுத்து போயிற்று. முத்திரைகள் போயின. பேனாக் கோடுகள் போயின. அடியிலிருந்து பெயர்கள் ஒவ்வொன்றாக மேலே வந்தன. தண்ணீர் வற்றிய பாத்தியில் உப்பு தெரிவதுபோல.

ஒரு வரி மட்டும் முரண்டு பிடித்தது. அங்கே சிவப்புப் பேனாவும் ஊதா முத்திரையும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்திருந்தன. இரண்டு மையும் சேர்ந்த இடம் கறுப்புக்குப் பக்கத்தில் போய்விட்டது. எழுத்துகளின் குறுக்கே துண்டு துண்டாக நின்றது. ஜான்சி படத்தைப் பெரிதாக்கி, அந்தத் துண்டுகளைக் கையாலேயே துடைத்தாள். எழுத்தில் படாமல், ஒவ்வொரு புள்ளியாக. செல்லப்பன் என்று பளிச்சென்று வந்தது. தன் வேலை அவளுக்கே பிடித்துப்போயிற்று.

பட்டியலை உப்பளத்து மேட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டி, ஆட்சேபம் கேட்பது சங்கத்தின் வழக்கம். வராதவர் பெயருக்கு வீட்டாரோ பக்கத்துப் பாத்திக்காரரோ "இருக்காரு" என்று குரல் கொடுப்பார்கள்.

காலையிலேயே வெயில் உப்பில் பட்டுக் கண்ணைக் குத்தியது. பாலகுரு படித்தார். ஜான்சி பக்கத்தில் நின்று தாளைப் புரட்டினாள்.

"தேசப்பன்."

பின்னாலிருந்து ஒருத்தன், "டேய் தேசப்பா, எழுந்து வாடா, சங்கத்துல கூப்பிடுறாங்க!" என்றான்.

சிலர் சிரித்தார்கள். சிரிப்பு பாதியில் நின்றது. தேசப்பனைப் புதைத்த இடம் அங்கிருந்தே தெரியும்.

பாலகுரு தாளை ஒருமுறை பார்த்தார். தப்பாக அச்சாகியிருக்கும் என்று நினைத்தவர்போல அடுத்த பெயருக்குப் போனார்.

"செல்லப்பன்."

"இருக்காரு."

செல்லப்பன் மனைவி அஞ்சம்மாள். முக்காடு போட்டு, கூட்டத்தின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். குரலில் தடுமாற்றம் இல்லை. எல்லாத் தலையும் திரும்பியது. புயல் வருஷத்தில் மடையை அடைக்கப் போன செல்லப்பன் திரும்பவில்லை. உப்பு வாரும் பலகை மட்டும் வாய்க்காலில் கிடைத்தது. உடல் கிடைக்கவேயில்லை.

பாலகுரு ஜான்சியின் பக்கம் குனிந்தார். "ஏம்மா, செத்தவங்களை நான் சிவப்பால அடிச்சு வெச்சிருந்தேனே. அதெல்லாம் எங்க?"

அழுக்கு என்று ஜான்சி துடைத்தது அதைத்தான். மற்ற கோடுகளை நிறம் பார்த்துத் துடைத்தது மென்பொருள். ஒரு கோட்டை மட்டும், புள்ளி புள்ளியாக, அவள் கையே துடைத்திருந்தது.

அஞ்சம்மாள் மறுநாளே அலுவலகத்துக்கு வந்துவிட்டாள். பாலகுரு பக்கத்து அறையில் இருந்தார். அவள் அவரிடம் போகவில்லை. நேரே ஜான்சியின் மேஜைக்கு வந்தாள்.

"பாப்பா, பேர் இருக்குதே. அப்போ அவரு அட்டை அவருக்கே வருமா?"

"உட்காருங்கக்கா."

"அவரே வந்து வாங்கிக்கணும்னு சொன்னா?"

செல்லப்பன் உயிரோடு இருப்பதாகப் பட்டியல் போனால், அவர் அட்டை அவர் வராமல் கிடக்கும். கைம்பெண்ணாக அஞ்சம்மாளுக்கு வர வேண்டிய எதுவும் வராது. இறந்ததாகப் போனால் எல்லாம் அவளுக்கு வரும். அதை ஜான்சி அப்படியே சொன்னாள்.

"ஒரே எழுத்துதானா வித்தியாசம்?"

"எழுத்துகூட இல்லக்கா. கோடு."

"காட்டு."

துடைக்காத கலர் ஸ்கேன்கள் பத்திரமாக இருந்தன. துடைத்தவற்றை மட்டும் தனியாகப் பிரித்து, அட்டவணையின் எந்த வரியில் பெயரின் குறுக்கே நீளமாகச் சிவப்பு ஓடுகிறது என்று தேடி, அந்த வரிகளுக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு நெடுக்குப் பத்தி சேர்க்கும் வேலையில் இறங்கியிருந்தாள் ஜான்சி. தேசப்பன் வரியில் மென்பொருள் குறித்துவிட்டது. செல்லப்பன் வரியில் தெரியவில்லை என்று காட்டியது. முத்திரையின் வளையமா கோடா என்று அதனால் பிரிக்க முடியவில்லை.

துடைத்ததை மட்டும் திரையில் விரித்தாள். வெள்ளைப் பக்கம். பெயர்கள் இல்லை, கட்டங்கள் இல்லை. ஊதா வளையங்களும் சிவப்புக் கோடுகளும் மட்டும், எதன் மேலும் படாமல் மிதந்தன. எல்லோரும் போன பிறகு யாரோ எழுந்து நிற்பதுபோல இருந்தன அந்தக் கோடுகள்.

"இதுல அவரு எங்க?" என்றாள் அஞ்சம்மாள்.

ஜான்சி பெரிதாக்கினாள். வளையத்தின் இடப்பக்கம் சிவப்பு உள்ளே நுழைந்தது. ஊதாவின் மேல் பட்ட இடத்தில் இருண்டது. அதே உயரத்தில் வலப்பக்கம் வெளியே வந்தது. மென்பொருளுக்குத் தெரியாதது கண்ணுக்குத் தெரிந்தது. கோடுதான்.

"கையெழுத்துப் போட வரல, அதனால அடிச்சேன்னு சொன்னாரு செயலர்" என்றாள் அஞ்சம்மாள். "என்னைக் கேக்கல. பொணத்தை யாரும் பாக்கல. நானும் பாக்கல."

"தெரியும்கா."

"நீ தொடைச்சு அவரு பேரு வந்ததும், இருக்காருன்னு ஒரு நிமிஷம் நெனச்சேன். கூப்பிட்டதும் வாய் தானா சொல்லிடுச்சு. பொய் சொல்லணும்னு இல்ல பாப்பா."

பக்கத்து அறையிலிருந்து பாலகுருவின் குரல் வந்தது. "ஜான்சி, அந்தப் பத்திக்கு இறப்புன்னு தலைப்புப் போட்டுடு. எல்லாத்துக்கும் ஒண்ணா போய்டும்."

ஜான்சி தட்டச்சுப் பலகையின் மேல் விரல் வைத்தாள். எடுத்தாள். தாளில் இருப்பது சாவு இல்லை. சிவப்பு மை. அதற்கு மேல் அவளுக்கு ஒன்றும் தெரியாது. பத்தியின் தலைப்பில், பெயரின் மேல் கோடு என்று அடித்தாள். பக்கத்தில் காரணம் என்று இன்னொரு பத்தி. அதைக் காலியாக விட்டாள்.

"இப்போ இதுல கோடு உண்டுன்னு மட்டும் போடுறேங்கா. காரணத்தை வீட்டாளுங்க சொல்லி சார் எழுதணும். நீங்க சொல்லலைன்னா காலியாத்தான் இருக்கும்."

"காலியா இருந்தா?"

"அட்டை நின்னுடும்."

அஞ்சம்மாள் திரைக்குக் கையை நீட்டினாள். தொடவில்லை. விரலால் காற்றில் அந்தக் கோட்டின் நீளத்தை இடமிருந்து வலமாக அளந்தாள். மெதுவாக. நகத்தில் உப்பு வெள்ளையாக ஒட்டியிருந்தது.

"கோடுன்னு போடு. மத்ததை நீ சொல்லாத, செயலரும் சொல்ல வேணாம். நான் சொல்றேன்."

எழுந்து புடவையைச் சரி செய்துகொண்டு பக்கத்து அறைக்குப் போனாள். நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. பாலகுரு ஏதோ கேட்டார். அதற்குப் பதில் வரும் வரை ஜான்சி திரையைப் பார்க்கவில்லை. சுவரின் அந்தப் பக்கமிருந்து அஞ்சம்மாளின் ஒரு சொல் வந்தது. என்ன சொல் என்று அவளுக்குக் கேட்கவில்லை. காரணத்தை எழுதும் பேனா தாளில் உரசுவது மட்டும் கேட்டது.