தேவமலரின் நம்பர்

இறந்துபோனவள் கைப்பேசி நம்பருக்கு மாசாமாசம் காசு கட்டி ரீலோட் போடுகிற மனிதரை உங்களுக்குத் தெரியுமா? எனக்குத் தெரியும். என் அண்ணன் வடிவேலு. மெர்லிமாவ் என்ற ஊரில் லோரி ஓட்டுகிறார். அண்ணி தேவமலர் போய் மூன்று வருஷமாகிறது. கிட்டத்தட்ட இரண்டு வருஷத்துக்கு முன் அவள் ஃபோன் தண்ணீரில் விழுந்து செத்த பிறகும், அதிலிருந்த சிம்மை ஒரு பட்டன் ஃபோனில் போட்டு சார்ஜ் ஏற்றி வைத்திருக்கிறார்.

"யாரு கூப்பிடப் போறா, பேயா?" என்று நான் பலமுறை கிண்டல் செய்திருக்கிறேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

அண்ணன் ஒருதரம்தான் பதில் சொன்னார். "ரீலோட் போடலன்னா நம்பர வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க அனு. மறந்தாப்புல நான் கூப்பிட்டா வேற யாரோ எடுப்பாங்கல்ல."

போன சனிக்கிழமை என் ஈமெயிலில் குவிந்திருந்த குப்பையை அழித்துக்கொண்டிருந்தேன். தள்ளுபடி விளம்பரங்களுக்கு நடுவே ஒரு கடிதம். தேவமலரின் கூகல் கணக்கு நெடுநாளாகப் பயன்படுத்தப்படவில்லை, இன்ன தேதிக்குள் உள்ளே நுழையாவிட்டால் கணக்கும் அதிலுள்ள எல்லாமும் அழிக்கப்படும் என்றிருந்தது. மோசடி என்று நினைத்து அழிக்கப்போனேன். அப்புறம்தான் நினைவு வந்தது: கணக்கு திறந்த நாளில், கடவுச்சொல் மறந்துபோனால் உதவிக்கு என்று அண்ணி என் முகவரியைக் கொடுத்திருந்தாள். இன்னும் ஒன்பது நாள்தான் இருந்தது.

நான் இருக்கும் புக்கிட் காத்திலிலிருந்து காரை எடுத்துக்கொண்டு நேரே மெர்லிமாவ் போனேன். அண்ணனும் மகளும் வீட்டில் இருந்தார்கள். மகள் திவ்யதர்ஷினிக்குப் பதினேழு வயது. விஷயத்தைச் சொன்னதும் அவள் முகம் வெளிறிப்போனது.

"அம்மா வீடியோ எல்லாம் ஃபோனோட போச்சுன்னுதானே சொன்னீங்க அத்தை? அதுல இருக்குமா?"

"தெரியலடி. இருந்தாலும் இருக்கும்."

"அம்மா குரலே மறந்துட்டு வருது அத்தை. நைசா எனக்கே தெரியாம மறந்துட்டு வருது."

கைப்பையிலிருந்து என் ஃபோனை எடுத்தேன்.

கடிதத்திலிருந்த இணைப்பை நான் தொடவில்லை. நேரே கூகல் பக்கத்துக்குப் போய் அண்ணியின் முகவரியைத் தட்டினேன். கடவுச்சொல் யாருக்கும் தெரியாது. மறந்துவிட்டேன் என்று அழுத்தியதும் என் ஈமெயிலுக்கு ஒரு சரிபார்ப்பு எண் வந்தது. போட்டேன். அதோடு விடவில்லை. அறுபத்திரண்டில் முடியும் கைப்பேசி நம்பருக்கு இன்னொரு சரிபார்ப்பு எண் அனுப்பலாமா என்று கேட்டது.

அது அண்ணியின் நம்பர்.

நாங்கள் மூவரும் சாமி மேடைப் பக்கம் திரும்பினோம். பட்டன் ஃபோன் அங்கேதான் இருந்தது. அனுப்பு என்று அழுத்தினேன். கொஞ்ச நேரத்தில் அது டிங் என்றது.

எண்ணைப் பார்க்க மெசேஜைத் திறந்தேன். அதற்குக் கீழே வரிசையாக ரீலோட் ஆன செய்திகள். சிம் இந்த ஃபோனுக்கு வந்த நாளிலிருந்து மாதத்துக்கு ஒன்றாக இருபத்துமூன்று. வேறு ஒரு செய்தியும் இல்லை. அந்த நம்பர் வேறு யார் கைக்காவது போயிருந்தால் இந்த எண் அவர்களுக்கல்லவா போயிருக்கும்!

எண்ணைப் போட்டுக் கணக்குக்குள் போனோம். புதுக் கடவுச்சொல் வைத்தோம். பழைய கடிதங்கள் கிடந்தன. கணக்கு தப்பியது என்று நான் எழுந்தேன்.

"இருங்க அத்தை," என்றாள் திவ்யா. விதிமுறையை அவள் படித்துக்கொண்டிருந்தாள். "கணக்குக்கு ரெண்டு வருஷத்துல ஒருதரம் உள்ள வந்து மெயில் படிச்சாலே போதுமாம். ஆனா படமெல்லாம் இருக்கற கூகல் ஃபோட்டோஸ் தனியாம். அதையும் ரெண்டு வருஷம் திறக்கலன்னா அதுல இருக்கறத அழிக்கலாமாம்."

திறந்தாள். படங்கள் வந்தன. விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தன. அண்ணியின் ஃபோன் தானாகவே எல்லாவற்றையும் இந்தக் கணக்குக்கு அனுப்பி வைத்திருக்கிறது, எங்களில் யாருக்கும் தெரியாமல். நான் வாயடைத்துப்போய் நின்றேன். என்னை அறிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும்.

திவ்யா ஒரு வீடியோவைத் தொட்டாள். அடுப்படியில் ஐந்து வயது திவ்யா மாவு பிசைகிறாள். படத்தில் இல்லாத ஒருத்தி சிரித்துக்கொண்டே, "மூக்குல பூசிக்காதடா செல்லம், அப்பா வந்தா பயந்துக்குவாரு," என்கிறாள்.

அண்ணன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தார். திவ்யா அழவில்லை. அதையே திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாள்.

எல்லாவற்றையும் ஒரு ஹார்ட் டிஸ்கில் இறக்கி வைத்தோம். உதவி நம்பராகத் திவ்யாவின் நம்பரையும் சேர்த்தோம். ஒவ்வொரு பொங்கலன்றும் மெயிலையும் ஃபோட்டோஸையும் திறப்பது என்று முடிவானது.

கிளம்பும்போது அண்ணன் தயங்கிக் கேட்டார். "இனிமே ரீலோட் போடறத நிப்பாட்டிடலாமா அனு?"

நான் காரில் ஏறினேன். மெர்லிமாவ் முனைக்கடையில் காரை நிறுத்தி, அண்ணியின் நம்பரை மனப்பாடமாகச் சொல்லி, இந்த மாத ரீலோடை நானே போட்டேன்.